பணம் இன்னும் ஏறவில்லையா? லீவா, கோளாறா என்று கண்டுபிடிக்கும் வழி

வங்கியில் காசோலைகளை மற்ற வங்கிகளுக்கு அனுப்பிப் பணமாக்கும் கிளியரிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் சனிக்கிழமை மாலையானால் யாராவது ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார். "லீவுனால பணம் மாட்டிக்கிச்சு சார், திங்கட்கிழமைதான் வருமா?" பார்த்தால் பெரும்பாலும் அது லீவால் மாட்டிய பணமாக இருக்காது. லீவால் உண்மையிலேயே மாட்டக்கூடிய பணத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே கேட்க வருவதும் இல்லை.

குழப்பத்துக்குக் காரணம், நம் வங்கிகளில் இப்போது இரண்டு கடிகாரங்கள் ஓடுவதுதான். கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் இருபத்து நான்கு மணி நேரமும் நடக்கிறது, பெரிய தொகைகளுக்கான ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதல். இஎம்ஐ, எஸ்ஐபி போன்றவற்றைத் தானாகப் பிடிக்கும் நாச் முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறும் பண்டிகையும் பார்ப்பதில்லை. ஐஎம்பிஎஸ், யுபிஐ இரண்டும் தொடக்கத்திலிருந்தே தூங்காதவை. இது ஒரு கடிகாரம். இன்னொன்று காகிதத்தின் கடிகாரம். காசோலை, கவுன்ட்டரில் நீட்டும் படிவம், ஊழியர் கைபட வேண்டிய எந்த வேலையும் அதில்தான் ஓடும். ஞாயிறு, இரண்டாம் நான்காம் சனி, மாநில விடுமுறை எல்லாவற்றிலும் அது நின்றுவிடும். வேலை நாளிலும் ஒரு நேரத்துக்கு மேல் வந்த காகிதம் அடுத்த நாள் கணக்குக்குப் போய்விடும்.

ஆகவே எந்தப் புகாருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பணம் போகிற வழியில் எங்காவது காகிதமோ ஊழியரின் கையோ குறுக்கிடுகிறதா? ஆம் என்றால் காலண்டரைப் பாருங்கள். இல்லை என்றால் லீவின் மேல் பழி போடாமல் கீழே படியுங்கள்.

"நெஃப்ட் போட்டேன், எனக்கு டெபிட் ஆயிடுச்சு, அவருக்கு ஏறல. இன்னிக்கு ஞாயிறு."

ஞாயிறு இங்கே காரணம் இல்லை. நெஃப்ட் உடனுக்குடன் போகிற பணம் அல்ல, பஸ் மாதிரி. அரை மணிக்கு ஒன்றாக நாளுக்கு 48 பஸ். நீங்கள் 11.05க்குப் போட்டால் 11.30 பஸ்ஸில் ஏறும். பஸ் போய்ச் சேர்ந்தபின், பணம் பெறும் வங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வாடிக்கையாளர் கணக்கில் ஏற்ற வேண்டும், ஏற்ற முடியவில்லை என்றால் அதே இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அதாவது 11.05க்குப் போட்ட பணத்துக்கு 1.30 வரை கவலைப்பட வேண்டியதில்லை.

1.30 தாண்டியும் ஏறவில்லை, திரும்பியும் வரவில்லை என்றால் கணக்கு எண்ணை ஒருமுறை சரிபாருங்கள். நெஃப்ட்டில் பெயரை நம்பிப் பணம் ஏறுவதில்லை, எண்ணை வைத்துத்தான் ஏறும். எண்ணில் ஓர் இலக்கம் மாறி அது வேறொருவரின் உயிருள்ள கணக்காக இருந்துவிட்டால் பணம் திரும்பாது, அங்கேயே உட்கார்ந்துவிடும். அது லீவு முடிந்தாலும் சரியாகாத விஷயம் என்பதால் உடனே உங்கள் வங்கிக்கு எழுத்தில் சொல்லுங்கள். எண் சரியாக இருந்தால், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தருகிற அடையாள எண்ணான யுடிஆரைப் பணம் பெறுபவரிடம் கொடுத்து அவருடைய வங்கியில் கேட்கச் சொல்லுங்கள். தாமதம் அந்த வங்கியுடையது என்று தெரிந்தால், தாமதித்த நாட்களுக்கு, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ வட்டியோடு 2 சதவீதம் சேர்த்து அவர்கள் தர வேண்டும் என்பது விதி. தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் இந்த விதியைச் சொல்லிக் கேட்டால் கவுன்ட்டரில் பதில் சீக்கிரம் கிடைக்கும், இது அனுபவம்.

யுடிஆர் வேறொரு விஷயத்துக்கும் உதவும். "நேத்தே ஆர்டிஜிஎஸ் போட்டுட்டேன்" என்று வியாபாரத்தில் பலர் சொல்வார்கள். ஆர்டிஜிஎஸ் யுடிஆர் 22 எழுத்துகள் கொண்டது. முதல் நான்கு வங்கியின் குறியீடு, அடுத்து R, அதன்பின் ஓர் இலக்கம், அதற்கடுத்த எட்டு இலக்கங்கள் அனுப்பிய தேதி:

```
XXXXR52026011400012345
```

இது 2026 ஜனவரி 14 அன்று கிளம்பிய பணம். அவர் 13 என்று சத்தியம் செய்தாலும் எண் பொய் சொல்லாது. நெஃப்ட்டின் எண் பெரும்பாலும் 16 எழுத்துதான். 

"டெபிட்டே ஆகல. ஆனா வெள்ளிக்கிழமையே குடுத்தேனே."

எங்கே கொடுத்தீர்கள்? கிளையில் படிவம் எழுதிக் கொடுத்திருந்தால் இது காகிதக் கடிகாரத்தில் விழுந்த பணம். நெஃப்ட் இரவு பகலாக ஓடினாலும், உங்கள் படிவத்தைக் கணினியில் ஏற்றும் ஊழியரும் அதற்கு ஒப்புதல் தரும் அதிகாரியும் கிளை நேரத்தில்தான் இருப்பார்கள். ஒவ்வொரு வங்கியும் படிவம் வாங்க ஒரு கடைசி நேரம் வைத்திருக்கும். அதைத் தாண்டி வந்த படிவத்தை மேஜை மேல் வாங்கி வைத்துக்கொள்வார்கள், வேண்டாம் என்று சொல்வதில்லை. நீங்களும் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவீர்கள். மறுநாள் இரண்டாம் சனி என்றால் அந்தப் படிவம் திங்கள் காலை வரை மேஜையிலேயே கிடக்கும்.

டெபிட் எஸ்எம்எஸ் வராமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள். அவ்வளவுதான் இதற்கு மருந்து.

ஆன்லைனில் போட்டும் டெபிட் ஆகவில்லை என்றால், புதிதாகச் சேர்த்த பெயரா என்று பாருங்கள். புதிய பெறுநருக்குச் சில மணி நேரம் பணம் அனுப்ப விடாமலோ, குறைந்த தொகை மட்டுமே விட்டோ வங்கிகள் காக்க வைக்கும். வெள்ளி இரவு சேர்த்தவருக்குச் சனி மதியம்தான் போகிறது என்றால் பலரும் லீவைத் திட்டுகிறார்கள். மோசடியைத் தடுக்க வைத்த பூட்டு அது.

"யுபிஐல போச்சு, அங்க வரல."

சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் லீவுக்கு இடமே இல்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவுப்படி, ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய யுபிஐ பணமும் ஐஎம்பிஎஸ் பணமும் போய்ச் சேரவில்லை என்றால், அதிகபட்சம் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்திய யுபிஐ என்றால் ஐந்து நாள். இந்த நாள் கணக்கு வேலை நாள் கணக்கு அல்ல, காலண்டர் நாள் கணக்கு. சனிக்கிழமை மாட்டிய பணத்துக்கு ஞாயிறே கெடு. அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100, நீங்கள் கேட்காமலேயே தர வேண்டும். "லீவு சார், செவ்வாய்க்கிழமை வந்துடும்" என்று உதவி மையத்தில் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

மாட்டியிருக்கும்போது பதற்றத்தில் அதே தொகையை இன்னொரு முறை அனுப்புகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். முதலாவது இரவில் போய்ச் சேர்ந்துவிடும், பிறகு இரண்டாவதைத் திருப்பிக் கேட்டு அலைய வேண்டும்.

"செக் போட்டு நாலு நாளாச்சு, ஏறல. இஎம்ஐ வேற ரிட்டர்ன் ஆயிடுச்சு."

இதுதான் உண்மையான லீவுக் கோளாறு. இதை மட்டும் பொறுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் இரண்டு கடிகாரமும் மோதிக்கொள்வது இங்கேதான்.

எங்கள் பக்கத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு 2026 பொங்கலுக்கு நடந்தது. அவருடைய கணக்கில் ரூ.9,600 இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ரூ.48,000க்கு காசோலை வந்தது. மாதா மாதம் 17ஆம் தேதி ரூ.21,400 இஎம்ஐ பிடிப்பார்கள். 2026 ஜனவரி 14, புதன்கிழமை. போகிக் கூட்டத்தில் கடையை விட்டு நகர முடியாமல், மாலை நாலே முக்காலுக்கு ஓடிப்போய் வங்கி வாசலில் இருந்த காசோலைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். 'மூணு நாள் இருக்கே' என்பது அவர் கணக்கு.

இப்போது காலண்டரை எடுங்கள். 15 வியாழன் பொங்கல். 16 வெள்ளி திருவள்ளுவர் தினம். 17 சனி உழவர் திருநாள். மூன்றாம் சனி என்பதால் வழக்கமாக வங்கி திறந்திருக்கும், ஆனால் பண்டிகை அதையும் விழுங்கிவிட்டது. 18 ஞாயிறு. பெட்டியைத் திறக்கவே ஆள் வராத நான்கு நாட்கள் அவை. பெட்டியின் மேலே 'பிற்பகல் 3 மணிக்குப் பிறகு போடப்படும் காசோலைகள் அடுத்த வேலை நாளில்' என்று எழுதியிருந்தது. அவர் போட்ட நேரத்துக்கு அந்த அடுத்த வேலை நாள் 19 திங்கள்.

காசோலை தூங்கிக்கொண்டிருந்த அந்த நான்கு நாளில் நாச் தூங்கவில்லை. 17 சனிக்கிழமை, உழவர் திருநாள் அன்று, கடன் கொடுத்த நிறுவனத்தின் கோரிக்கை ரூ.21,400 கேட்டு வந்தது. கணக்கில் ரூ.9,600 மட்டுமே இருந்ததால் திரும்பிப் போனது. வங்கி ஓர் அபராதம் பிடித்தது, கடன் நிறுவனம் இன்னொன்று. 2021 ஆகஸ்ட்டுக்கு முன்னால் இது நடந்திருக்காது. அப்போது நாச் வங்கி வேலை நாட்களில் மட்டும்தான் ஓடியது, சனிக்கிழமை இஎம்ஐ திங்களுக்குத் தள்ளிப்போயிருக்கும். 'லீவு நாளில் பிடிக்க மாட்டார்கள்' என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தக் காலத்துப் பழக்கத்தில் இருக்கிறார்கள்.

திங்கள் அன்று காசோலை ஸ்கேன் ஆகி, அன்று மாலையே பணமும் ஏறியது. அவருக்கு அது ஆச்சரியம். "ஒரே நாள்ல ஏறிடுச்சே, அப்ப நாலு நாள் எங்க வச்சிருந்தாங்க?" என்றார். எங்கும் வைக்கவில்லை, பெட்டிக்குள்தான் இருந்தது. 2025 அக்டோபர் 4 முதல் கிளியரிங் முறை மாறிவிட்டது. முன்பு காசோலைகளைச் சேர்த்து வைத்து ஒரே கட்டாக அனுப்புவோம், பதில் மறுநாள் வரும். இப்போது பிற்பகல் வரை ஸ்கேன் ஆக ஆக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பணம் தர வேண்டிய வங்கி அன்று இரவு 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சரி என்றே எடுத்துக்கொள்ளப்படும். இரு வங்கிகளுக்கும் இடையே கணக்குத் தீர்ந்தபின் ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் கணக்கில் ஏற வேண்டும். மூன்று மணி நேரத்தில் காசோலை பணமாகும் என்று வாட்ஸப்பில் சுற்றியது இதன் இரண்டாம் கட்டம். 2026 ஜனவரி 3இல் தொடங்க வேண்டியது, தள்ளி வைக்கப்பட்டுவிட்டது. அதை நம்பிக் காசோலை எழுதாதீர்கள்.

அப்படியானால் 14ஆம் தேதி காலை பதினோரு மணிக்கே அவர் கவுன்ட்டரில் கொடுத்திருந்தால் அன்று இரவே ரூ.48,000 ஏறியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. அந்த ஆறு மணி நேரத் தாமதம் கணக்கில் ஐந்து நாளாக விரிந்துவிட்டது. நேரம் தவறிவிட்டது என்று 14 மாலையே உணர்ந்திருந்தால்கூட, காசோலையைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு பள்ளியிடம் "இதைத் திருப்பித் தருகிறேன், ஐஎம்பிஎஸ்ஸில் அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கலாம். ஐந்து லட்சம் வரை ஐஎம்பிஎஸ்ஸில் எந்த லீவிலும் போகும். இல்லையென்றால் மைத்துனரிடம் பன்னிரண்டாயிரம் கைமாற்றாக வாங்கி 16ஆம் தேதி இரவுக்குள் கணக்கில் ஏற்றியிருக்கலாம். 17 காலையில் ஏற்றலாம் என்று விட்டுவைத்தால் பிந்திவிடலாம், நாச் கோரிக்கை காலையிலேயே வந்து தட்டிவிடக்கூடும்.

உங்கள் காசோலை ஏறவில்லை என்றால் பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில், எந்த நாள் எந்த நேரத்துக்குப் போட்டீர்கள்? கடைசி நேரத்துக்குப் பிறகு என்றால் அடுத்த வேலை நாளே போட்ட நாள். அங்கிருந்து எண்ணுங்கள். அடுத்து, அந்த வேலை நாள் இரவு எட்டரை ஒன்பது தாண்டிவிட்டதா? தாண்டவில்லை என்றால் காத்திருங்கள். தாண்டிவிட்டது, திரும்பியதாகவும் எஸ்எம்எஸ் இல்லை என்றால், மறுநாள் காலை கிளைக்குப் போய் 'கிளியரிங்கில் அனுப்பப்பட்டதா' என்று மட்டும் கேளுங்கள். 'ஏன் ஏறல' என்று கேட்டால் 'வரும் சார்' என்பதோடு முடிந்துவிடும். 'அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில்' என்று கேட்டால் திரையைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கும். அனுப்பவே இல்லை என்றால் தவறு உங்கள் வங்கியுடையது. ஒவ்வொரு வங்கிக்கும் காசோலை வசூல் கொள்கை என்று ஒன்று உண்டு, அதன்படி தாமதத்துக்கு வட்டி கேட்கலாம்.

அங்கேதான் சாட்சி தேவைப்படும். பெட்டியில் போட்டவருக்குச் சலானின் அடிக்கட்டை மட்டும்தான் மிஞ்சும், அதில் வங்கியின் முத்திரை இருக்காது. கவுன்ட்டரில் கொடுத்து முத்திரை கேட்டால் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "எல்லாரும் பெட்டிலதான் போடணும்" என்பது கூட்டத்தைக் குறைக்க நாங்கள் சொல்லிப் பழகிய வசனம், விதி அல்ல. முத்திரையில் தேதிதான் இருக்கும். பக்கத்தில் நேரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெரிய தொகைக் காசோலை இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தால் லீவைப் பார்க்காமல் பாசிட்டிவ் பே பதிவைப் பாருங்கள். ரூ.50,000 முதல் இந்த வசதி உண்டு. ஐந்து லட்சத்துக்கு மேல் பல வங்கிகள் கட்டாயமாக்கிவிட்டன. அப்படிக் கட்டாயமாக்கிய வங்கியில், காசோலை எழுதியவர் அதன் விவரத்தை முன்கூட்டியே பதியாவிட்டால், கணக்கில் பணம் இருந்தும் திரும்பும்.

"பேலன்ஸ்ல காட்டுது, எடுக்க விடல."

பாஸ்புக்கிலோ செயலியிலோ இரண்டு இருப்பு இருக்கும். ஒன்று மொத்த இருப்பு, மற்றது எடுக்கக்கூடிய இருப்பு. காசோலையைப் பதிந்தவுடன் சில வங்கிகளில் மொத்த இருப்பில் தொகை தெரிந்துவிடும், கிளியரிங் முடியும்வரை எடுக்கக்கூடிய இருப்பில் சேராது. வெள்ளி மாலை இந்த நிலையில் நின்றால் அப்படியே திங்கள்வரை நிற்கும். இஎம்ஐக்கும் இது உதவாது. நாச் பார்ப்பது எடுக்கக்கூடிய இருப்பைத்தான்.

"லீவு நாள்ல மெஷின்ல பணம் போட்டேன், ஏறல."

பணம் போடும் இயந்திரம் லீவு பார்ப்பதில்லை, எண்ணி முடித்ததும் ஏற்றிவிடும். ஏறவில்லை என்றால் நோட்டு உள்ளே சிக்கியிருக்கும். இங்கேதான் லீவு வந்து சேர்கிறது. இயந்திரத்தைத் திறந்து எண்ணி, கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வர வேண்டும், அது வேலை நாளில்தான் நடக்கும். அச்சிட்ட துண்டுச் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மை மங்கிவிடும். அந்த இடத்திலிருந்தே உதவி மையத்துக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். இயந்திரத்தின் எண், நேரம், எந்த நோட்டு எத்தனை என்று ஒரு தாளில் குறித்து வைத்தால், எண்ணும்போது மிஞ்சும் தொகை உங்களுடையது என்று நிரூபிப்பது சுலபம்.

"எஃப்டி ஞாயிற்றுக்கிழமை முடிஞ்சுது, திங்கட்கிழமைதான் குடுத்தாங்க."

அந்த ஒரு நாளுக்கும் வட்டி உண்டு, பழைய எஃப்டி விகிதத்திலேயே. நீண்ட விடுமுறையில் முடிந்தால் இடையில் வரும் எல்லா லீவு நாளுக்கும் சேர்த்து. ரசீதில் அந்த நாட்கள் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

"பிபிஎஃப்ல அஞ்சாம் தேதிக்குள்ள கட்டினேன், ஆனா அந்த மாசத்து வட்டி வரல."

பிபிஎஃப் வட்டி, ஐந்தாம் தேதி முடிவுக்கும் மாத முடிவுக்கும் இடையே இருந்த குறைந்தபட்ச இருப்புக்கே கணக்கிடப்படும். காசோலையாகக் கட்டினால் அதைக் கொடுத்த தேதி செல்லாது, பணமான தேதிதான் செல்லும். 2026 ஏப்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். 1ஆம் தேதி புதன், வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு, வாடிக்கையாளருக்குக் கதவு திறக்காது. 3 வெள்ளி புனித வெள்ளி. 5 ஞாயிறு. மிஞ்சுவது 2 வியாழனும் 4 சனியும். 4ஆம் தேதி மாலை காசோலையைப் பெட்டியில் போட்டவருக்கு அது திங்கள் 6ஆம் தேதிதான் பணமாகும். முழு வருடத் தொகை ரூ.1,50,000ஐ ஒரே தடவையில் கட்டுகிறவர் என்றால், 7.1 சதவீத விகிதத்தில் ஏப்ரல் மாத வட்டி சுமார் ரூ.887 போய்விடும். இதைப் புகார் செய்து வாங்க வழியில்லை, வங்கி விதிப்படிதான் செய்திருக்கிறது. காசோலைதான் என்று இருப்பவர்கள் அந்த மாதத்தில் 2ஆம் தேதி காலையே கவுன்ட்டரில் கொடுத்திருக்க வேண்டும். ஆன்லைனில் கட்டுகிறவர்களும் ஞாயிறுவரை தள்ளாதீர்கள். சில வங்கிகளில் லீவு நாளில் கட்டிய பிபிஎஃப் தொகைக்கு அடுத்த வேலை நாள் தேதியே விழுகிறது.